கொங்ரீட் பாதையின் கோப்பைக் கேட்டு வாங்குவது எப்படி?

கேள்வி: "அண்ணா, நான் ஹட்டன் பக்கம் ஒரு பிரதேச நிருபர். எங்கள் தோட்டத்தின் மேல் டிவிசனுக்குப் போகும் பாதைக்குப் பிரதேச சபை கொங்ரீட் போட்டது. ஒரு மழைக்காலத்தைக்கூட அது தாங்கவில்லை. தகவல் அறியும் சட்டத்தில் 'பாதை ஏன் தரமில்லாமல் போடப்பட்டது, எவ்வளவு பணம் அடிக்கப்பட்டது' என்று கேட்டேன். 'அவ்வாறான தகவல் எம்மிடம் இல்லை' என்று பதில் வந்தது. பிறகு ஒப்பந்தத்தைக் கேட்டேன். 'ஒப்பந்தகாரரின் வர்த்தக இரகசியம், தர முடியாது' என்று போன வாரம் கடிதம் வந்திருக்கிறது. இனி என்ன செய்யலாம்?"

தம்பி, கேட்கக் கசப்பாக இருக்கலாம், ஆனால் உங்களுக்கு வந்த முதல் பதில் சட்டப்படி சரியான பதில்தான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஓர் அரச நிறுவனத்தின் கையில் ஏற்கெனவே இருக்கும் தகவலைத்தான் உங்களுக்குத் தருகிறது. "ஏன் தரமில்லை" என்று எந்த அலுவலகத்திலும் ஒரு கடதாசி கிடையாது. "எவ்வளவு அடித்தார்கள்" என்பது அதைவிட மோசம். அது கேள்வியே இல்லை, குற்றச்சாட்டு. அதற்கு 'இல்லை' என்று ஒரு வரி எழுதி அனுப்புவது எந்த உத்தியோகத்தருக்கும் சுலபம்.

விளக்கத்தைக் கேட்காதீர்கள், கடதாசியைக் கேளுங்கள். அதற்கு முதலில் ஒரு கொங்ரீட் பாதை சபைக்குள் என்னென்ன கடதாசிகளாக வாழ்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தர், அதாவது எல்லோரும் டி.ஓ. என்று சொல்பவர், இடத்தைப் பார்த்து ஒரு மதிப்பீடு தயாரிக்கிறார். எத்தனை மீற்றர் நீளம், எவ்வளவு அகலம், எவ்வளவு தடிப்பு, ஒவ்வொரு வேலைக்கும் என்ன விலை என்று அதில் வரிவரியாக இருக்கும். பிறகு அங்கீகாரம். அப்புறம் விலைமனு கோரி ஒப்பந்தகாரருக்குக் கொடுத்திருப்பார்கள், அல்லது சின்ன வேலை என்றால் ஊர்ச் சங்கம் ஒன்றுக்கே கொடுத்திருப்பார்கள். எப்படி இருந்தாலும் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கும். வேலை முடிந்ததும் டி.ஓ. மறுபடி போய் அளந்து எழுதுவார். அந்த அளவீட்டை வைத்துத்தான் இறுதி பில் வரும், பில்லுக்கு வவுச்சர் வரும். பாதை உடைந்தால் திருத்துவதற்கென்று ஒரு தொகையைக் கொஞ்ச காலம் பிடித்து வைத்திருந்து பிறகு விடுவிப்பார்கள். அதற்கும் தனிக் கடதாசி உண்டு.

உங்கள் செய்தி இந்தக் கோப்பில் இரண்டு இடங்களில்தான் இருக்கும். ஒன்று, வேலை முடிந்தபின் டி.ஓ. எழுதிய அளவீடு. மற்றது, பிடித்து வைத்த பணம் எப்போது விடுவிக்கப்பட்டது என்ற திகதி. நீங்கள் கேட்டது ஒப்பந்தத்தை மட்டும். ஒப்பந்தம் என்ன செய்யப் போகிறார்கள் என்று சொல்லும். எதற்குப் பணம் கொடுத்தார்கள் என்பது அளவீட்டில்தான் தெரியும்.

ஆகவே புதிதாக ஒரு கோரிக்கையும் போடுங்கள். வந்த மறுப்புக்கு எதிரான மேன்முறையீடு ஒரு பக்கம் போகட்டும், இது இன்னொரு பக்கம் போகட்டும். இப்படி எழுதலாம்:

"பின்வரும் வேலை தொடர்பாகத் தங்கள் சபையிடம் உள்ள ஆவணங்களின் சான்றுப்படுத்திய பிரதிகளைக் கோருகிறேன். வேலை: இன்ன தோட்டம், மேல் டிவிசன் லயன்களுக்குச் செல்லும் பாதைக்குக் கொங்ரீட் இடுதல். காலம்: இன்ன ஆண்டு ஜனவரி 1 முதல் இன்றுவரை.
1. வேலைக்கான மதிப்பீடும் அதற்கான அங்கீகாரமும்.
2. ஒப்பந்தமும் அதனுடன் இணைந்த விலைப்பட்டியலும்.
3. வேலை முடிந்தபின் எடுக்கப்பட்ட அளவீடுகள், எந்தப் பெயரிலான பதிவேட்டில் இருந்தாலும்.
4. செலுத்திய எல்லா பில்களும் வவுச்சர்களும்.
5. பிடித்து வைத்த தொகை விடுவிக்கப்பட்டிருந்தால் அதற்கான சிபாரிசும் வவுச்சரும்.
மேலும் இவ்வேலைக்கான முழுக் கோப்பையும் நேரில் பார்வையிட அனுமதி கோருகிறேன். ஏதாவது ஒரு பகுதி வழங்க முடியாததாயின், அப்பகுதியை மட்டும் நீக்கி மீதியை வழங்கவும்."

இதில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். "எந்தப் பெயரிலான பதிவேட்டில் இருந்தாலும்" என்று எழுதியது, நீங்கள் 'அளவீட்டுப் புத்தகம்' என்று கேட்டு, அவர்கள் 'அப்படியொரு புத்தகம் இங்கே இல்லை, அளவீட்டுத் தாள்தான் உண்டு' என்று தப்பிக்காமல் இருப்பதற்கு. "இன்றுவரை" என்று முடித்தது, பணம் கடைசியாக எப்போது விடுவிக்கப்பட்டது என்பதும் உள்ளே வர வேண்டும் என்பதற்கு. நேரில் பார்வையிடும் உரிமையைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தருகிறது. நம் நிருபர்கள் இதை அதிகம் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்துங்கள். உங்களுக்குப் பெயரே தெரியாத கடதாசியை நீங்கள் எழுத்தில் கேட்க முடியாது, ஆனால் கோப்பைப் புரட்டும்போது அது தானாகக் கண்ணில் படும். டி.ஓ. ஓரத்தில் எழுதிய குறிப்பு, கணக்காய்வாளர் எழுப்பிய வினா, பொதுமக்கள் கொடுத்த முறைப்பாடு எல்லாம் அப்படித்தான் கிடைக்கும். பார்த்த பிறகு தேவையான பக்கங்களுக்கு மட்டும் பிரதி கேளுங்கள். கோரிக்கைக்குக் கட்டணம் இல்லை, பிரதிக்குக் கட்டணம் உண்டு.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று கடிதத்தில் எழுத வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. தொலைபேசியில் யாராவது "என்ன தம்பி, பேப்பருக்கா?" என்று கேட்டாலும் மரியாதையாக அதையே சொல்லுங்கள். கோரிக்கையைத் தமிழில் எழுதுங்கள், பதிலும் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். ஆனால் பிரதிகள் எந்த மொழியில் கோப்பில் இருக்கின்றனவோ அந்த மொழியில்தான் வரும். வவுச்சர் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும், மதிப்பீடு ஆங்கிலத்திலும் இருக்கலாம். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரை முன்கூட்டியே பிடித்து வையுங்கள்.

சபைகள் பற்றி இன்னொன்று. 2023 மார்ச்சில் பெரும்பாலான உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல் நடக்கும்வரை அவற்றில் தெரிவான உறுப்பினர்கள் இருக்கவில்லை. உங்கள் பாதை அந்த இடைக்காலத்தில் போடப்பட்டிருந்தால் 'சபைத் தீர்மானம்' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் வரும். அதனால்தான் மேலே 'அங்கீகாரம்' என்று பொதுவாக எழுதினேன்.

இனி விலாசம். மலையகத்தில் தகவல் சட்டத்தை வைத்து வேலை செய்பவர்கள் இதில்தான் அதிகம் அடிபடுகிறார்கள். நீங்கள் லயன் விலாசத்தைக் கொடுத்தால் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போகும். அங்கே யாராவது எடுத்து வந்து தரும்வரை கிடக்கும். பிரதேச சபையின் முத்திரையோடு உங்கள் பெயருக்குப் பதிவுத் தபால் வந்தது அதற்குள் பாதி தோட்டத்துக்குத் தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், மேன்முறையீட்டுக்கான நாட்கள் குறைவு. கடிதம் அலுவலக மேசையில் இரண்டு கிழமை கிடந்தால் கதை முடிந்தது. நகரத்தில் நம்பிக்கையான ஒரு கடை விலாசம், அல்லது உங்கள் பத்திரிகையின் விலாசம் கொடுங்கள். மின்னஞ்சலும் கொடுங்கள். வரும் ஒவ்வொரு உறையையும் தபால் முத்திரை தெரியும்படி அப்படியே எடுத்து வையுங்கள். கையில் கிடைத்த திகதியை உறையிலேயே எழுதுங்கள்.

கோரிக்கையை நேரில் கொடுத்தால் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை அங்கேயே கேட்டு வாங்குங்கள். தர வேண்டியது அவர்கள் கடமை. தபாலில் என்றால் பதிவுத் தபால். அந்தத் திகதியிலிருந்து 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். வேலை நாள் என்பதால் சனி, ஞாயிறு, போயா எல்லாம் கழியும், கிட்டத்தட்ட மூன்று கிழமை என்று வையுங்கள். தருவதாக முடிவு சொன்னாலும் பிரதி கையில் வர இன்னும் சில நாட்கள் ஆகலாம். நிறையக் கடதாசி என்றால் அதற்குமேல் 21 நாள்வரை நீடிக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஒன்றுமே சொல்லாமல் காலம் போனால் அதுவும் மறுப்புத்தான். மௌனத்துக்கு எதிராகவும் மேன்முறையீடு செய்யலாம். பலர் "பதில் வரட்டும், பார்ப்போம்" என்று மாதக்கணக்கில் காத்திருப்பது வீண்.

உங்கள் கையில் இருக்கும் மறுப்புக்கு வருவோம். 'வர்த்தக இரகசியம்' என்பது சட்டத்தின் 5(1)(ஈ) பிரிவிலிருந்து எடுத்தது. அந்தப் பிரிவை முழுக்க வாசித்துப் பாருங்கள். ஒப்பந்தகாரரின் பெயர் ஒரு கடதாசியில் இருந்துவிட்டால் அது இரகசியம் என்று அது சொல்லவில்லை. வெளியிட்டால் மூன்றாம் தரப்பின் போட்டி நிலைக்குப் பாதிப்பு வரக்கூடிய தகவலைத்தான் காக்கிறது. அதையும், பெரிய பொதுநலன் இருந்தால் வெளியிடலாம் என்று அதே வரியிலேயே விட்டு வைத்திருக்கிறது. முடிந்துபோன ஒரு வேலைக்கு, மக்கள் பணத்திலிருந்து, ஒரு மீற்றருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதில் என்ன போட்டி நிலை பாதிக்கப்படும்? அதை விளக்க வேண்டியது அவர்கள்.

முதல் மேன்முறையீடு அந்த நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு. அவர் யார் என்று சபையின் அறிவித்தல் பலகையில் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேளுங்கள். மறுப்பு வந்து 14 நாட்களுக்குள் அது போய்ச் சேர வேண்டும். இங்கே வேலை நாள் கணக்கு இல்லை, சாதாரண நாள் கணக்கு. நீளமாக எழுத வேண்டாம். கோபத்தையும் எழுத வேண்டாம். ஊழல் என்ற சொல்லே வர வேண்டாம். நான் எழுதினால் இவ்வளவுதான் எழுதுவேன்:

"இன்ன திகதிய கோரிக்கை 5(1)(ஈ) பிரிவின் கீழ் மறுக்கப்பட்டுள்ளது. ஒப்பந்தகாரரின் போட்டி நிலை எவ்வாறு பாதிக்கப்படும் என்பது மறுப்பில் கூறப்படவில்லை. வேலை முடிந்து கொடுப்பனவு நடந்துவிட்டது. செலவிடப்பட்டது பொது நிதி. பாதை தற்போது பாவனைக்கு ஆபத்தான நிலையில் உள்ளதால் வெளியிடுவதில் பொதுநலன் மேலோங்கி நிற்கிறது. 5(4) பிரிவைப் பரிசீலிக்கவும். ஏதேனும் பகுதி உண்மையில் பாதுகாக்கப்பட வேண்டியதாயின் 6ஆம் பிரிவின்படி அதை நீக்கி ஏனையவற்றை வழங்கவும். 29ஆம் பிரிவின் கீழ் ஒப்பந்தகாரரிடம் கருத்துக் கேட்கப்பட்டதா என்பதையும் அறியத்தரவும்."

கடைசி வரி முக்கியம். மூன்றாம் தரப்பு இரகசியமாகத் தந்த தகவல் என்று அவர்கள் கருதினால், அந்தத் தரப்பிடம் கேட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: அவர்கள் கேட்டால், நீங்கள் இதைத் தோண்டுகிறீர்கள் என்று ஒப்பந்தகாரருக்குத் தெரிந்துவிடும். ஆகவே இந்தக் கடிதம் போவதற்கு முன்பே பாதையைப் படம் எடுத்து, அளந்து முடித்துவிடுங்கள். கடிதம் போன மறுகிழமையே வெடிப்புகளுக்குச் சீமெந்து பூசிவிடுவார்கள்.

குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மூன்று வாரம். அவரும் மறுத்தால், அல்லது மௌனமாக இருந்தால், இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் இருக்கும் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். சட்டத்தரணி தேவையில்லை. கோரிக்கை, பற்றுச்சீட்டு, மறுப்பு, முதல் மேன்முறையீடு, அதன் பதில், உறைகள் எல்லாவற்றின் பிரதியையும் திகதி வரிசையில் அடுக்கி ஒரு பக்கக் கடிதத்தோடு அனுப்பினால் போதும். அங்கே ஒரு பெரிய வசதி: மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு சபையுடையது, உங்களுடையதல்ல. அதனால்தான் முதல் மேன்முறையீட்டிலேயே 'எப்படிப் பாதிக்கும் என்று சொல்லவில்லை' என்று பதிவு செய்து வைக்கச் சொன்னேன். ஆணைக்குழு 30 நாளில் முடிவு தர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் அதைவிட அதிக காலம் எடுக்கும். ஒரு செய்தியின் திகதியை இதை நம்பி வைக்காதீர்கள்.

இடையில் "கோப்பு காணவில்லை" என்று ஒரு பதில் வரலாம். பயப்படாதீர்கள், அது முடிவல்ல. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3. அதற்குப் பிறகு உருவான பதிவுகளைக் குறைந்தது 12 வருடம் பாதுகாக்க வேண்டும் என்று 7ஆம் பிரிவு சொல்கிறது. 'காணவில்லை என்பதை எழுத்தில் தாருங்கள், கடைசியாக யார் பொறுப்பில் இருந்தது என்பதையும் சொல்லுங்கள்' என்று மேன்முறையீட்டில் கேளுங்கள். வேண்டுமென்று அழிப்பது குற்றம். எழுத்தில் கேட்டவுடன் கோப்பு வேறொரு அலுமாரியிலிருந்து வெளிவருவதைப் பார்த்திருக்கிறேன். அதே நேரம் வேறு வாசலையும் தட்டுங்கள். பணம் பிரதேச செயலகத்தின் ஊடாகவோ மாகாண சபையின் ஊடாகவோ ஓர் அமைச்சின் ஊடாகவோ வந்திருந்தால், அந்த அலுவலகத்திலும் மதிப்பீட்டின் பிரதியும் கொடுப்பனவுக் கடதாசியும் இருக்கும். ஒரே கோரிக்கையை அங்கேயும் போடுங்கள். இரண்டு இடத்துப் பிரதிகளும் ஒத்துப் போகாவிட்டால், அதுவே ஒரு செய்தி.

பாதை தோட்டக் கம்பனி போட்டது என்று சபை சொன்னால் இன்னொரு சிக்கல். 2018இல் பிரதேச சபைகள் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் சபை நிதியைத் தோட்டங்களுக்குள் செலவழிக்க வழி திறந்தது. அதனால் யார் போட்டது என்பதிலேயே குழப்பம் வரும். தனியார் கம்பனியிடம் நேரடியாகக் கேட்பது பெரும்பாலும் வாக்குவாதத்தில் முடியும். அரச கையில் இருக்கும் பக்கத்தைப் பிடியுங்கள்: யாருடைய நிதி, எந்த அமைச்சின் அனுமதி என்று பார்த்து அங்கே கேளுங்கள்.

சரி, கடதாசி கையில் வந்துவிட்டது என்று வைப்போம். உதாரணத்துக்கு, மதிப்பீட்டில் 120 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 10 சென்ரிமீற்றர் தடிப்பு. பெருக்கினால் 36 கன மீற்றர் கொங்ரீட். நீங்கள் டேப்பை எடுத்துக்கொண்டு போகிறீர்கள். நீளம் சரி. அகலம் 2.7 மீற்றர்தான். மழைக்கு மண் அரித்து ஓரம் தெரியும் இடங்களில் தடிப்பு 7.5 சென்ரிமீற்றர். இப்படியானால் கிடைத்தது 24.3 கன மீற்றர், குறைவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இங்கே பேனையை எடுத்து எழுதத் தொடங்கிவிடாதீர்கள். இறுதி பில்லையும் அளவீட்டையும் பாருங்கள். டி.ஓ. 2.7 மீற்றர், 7.5 சென்ரிமீற்றர் என்றே அளந்து, அதற்கு மட்டுமே பணம் கொடுத்திருந்தால் திருட்டு இல்லை. யார் அனுமதியோடு பாதையைக் குறைத்தார்கள் என்பதுதான் அப்போது செய்தி. அளவீட்டில் 3 மீற்றரும் 10 சென்ரிமீற்றரும் எழுதி முழுப் பணமும் போயிருந்தால் அது வேறு செய்தி. அந்த அளவீட்டில் யார் கையெழுத்துப் போட்டார் என்ற கேள்வி அங்கே வரும்.

தடிப்பை ஓரத்தில் மட்டும் அளந்துவிட்டு நம்பாதீர்கள், ஓரம் மெலிந்திருப்பதும் உண்டு. பாதையின் நடுவில் வெடித்துத் திறந்த இடங்களிலும் அளந்து, ஒவ்வொன்றையும் டேப் தெரியும்படி படம் எடுங்கள். சபையோடும் ஒப்பந்தகாரரோடும் தொடர்பில்லாத ஒரு பொறியியலாளரிடம் காட்டுங்கள். பிறகு இலக்கங்களைக் குறிப்பிட்டே செயலாளரிடமும் ஒப்பந்தகாரரிடமும் டி.ஓ.விடமும் பதில் கேளுங்கள். பிரதிகளைப் பிரசுரிக்கும்போது வங்கிக் கணக்கு இலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மறைத்துவிடுங்கள்.

போன வாரம் கடிதம் கிடைத்தது என்கிறீர்கள். அப்படியானால் 14 நாளில் பாதி போய்விட்டது. மறுப்புக் கடிதத்தின் திகதியைப் பாருங்கள். உறையின் முத்திரைத் திகதி அதைவிடப் பிந்தியிருந்தால் உறையின் பிரதியையும் மேன்முறையீட்டோடு இணையுங்கள். நாளைக்கே பதிவுத் தபாலில் போடுங்கள்.